"முந்நூத்தி நாலுன்னு வெட்டிக் குடுங்க"

திருவாரூர் தெற்கு வீதியில் இருக்கும் சாமிதுரையின் பாத்திரக் கடைக்குள் மறுபடி கால் வைத்தால், அது அந்த மனுஷன் தலைகுனியும் நாளாகத்தான் இருக்க வேண்டும் என்று சுடர்விழி முடிவு கட்டி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆறு வருஷம் அந்தக் கடையில் வேலை பார்த்தவள் அவள். மற்றவர்கள் பாத்திரம் விற்றார்கள். சுடர்விழி பாத்திரத்தைப் பற்றிச் சொன்னாள். அதற்காகவே அவளைத் தேடி வருகிற பெண்கள் உண்டு. "இரும்புக் கல்லா? சோப்புத் தூள்ல ஊற வைக்காதீங்க. சூடு ஆறுனதும் கழுவி, ஈரம் போக அடுப்புல காட்டி, துளி நல்லெண்ணெய் தடவி வைங்க. நான்ஸ்டிக்கா? வெறுஞ்சட்டியைத் தீயில போட்டுட்டு டிவி பாக்கப் போயிடாதீங்க. கரண்டி மரத்துல இருக்கணும். பூச்சு உரிஞ்சா மனசு வராட்டியும் மாத்திடுங்க." இப்படிப் பேசிக்கொண்டே கட்டிக் கொடுப்பாள். கேட்டவர்கள் இன்னும் ரெண்டு சாமான் சேர்த்து வாங்கிப் போவார்கள்.

போன தை மாதம், முகூர்த்தக் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடவாசல் பக்கத்து அம்சம் வந்து நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் தவலை. முந்தின ஆவணியில் மகள் செம்மொழியின் கல்யாணச் சீருக்கு அதே கடையில் வாங்கியது. உள்ளே அடியில் பழுப்புப் புள்ளிகள், சொறி பிடித்த மாதிரி. அம்சத்துக்குப் பக்கத்தில் அவளுடைய சம்பந்தியம்மா. "பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்குற மருமகளுக்குப் பாத்திரம் தேய்க்கத் தெரியல" என்று அந்தம்மாள் கடை வாசலிலேயே சொல்லிக்கொண்டுதான் ஏறினாள்.

சாமிதுரை தவலையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சுடர்விழியைப் பார்த்தார்.

"ஏம்மா, இவங்களுக்கு என்ன சொல்லி விட்ட? கம்பி நார் போட்டுத் தேய்க்கலாம்னு சொன்னியா?"

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? கம்பி நாரு வேணாம், அதோட தூள் ஒட்டிக்கிட்டுத் துரு புடிக்கும்னு வாய் வலிக்கச் சொல்றவளே நான்தானே!"

சாமிதுரை அம்சத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ணுதானே சொன்னா?"

அம்சம் ஒரு கணம் யோசித்தாள். பக்கத்தில் சம்பந்தி. அந்த வீட்டில் மகள். "ஆமா" என்றாள். "இவதான் சொன்னா. எம் மக மேல தப்பு இல்ல."

அதோடு முடிந்தது. அத்தனை பேர் நடுவில் சுடர்விழி கைகூப்பி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் சாமிதுரை. கேட்டாள். கூட்டம் சிரித்தது. கேட்ட பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடையில் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை. தவலையும் வந்த வழியே போனது. அந்த வாரமே, பாத்திரக்காரி தப்பாகச் சொல்லி ஒரு குடும்பச் சீரையே கெடுத்தாள் என்ற பேச்சு நான்கு வீதியிலும் சுற்றியது. வேறு கடை எதுவும் அவளைச் சேர்க்கவில்லை.

சேர்த்தவள் கூத்தாநல்லூர் ஹமீதா பானு. கணவர் ஜாஃபர் சாதிக் துபாயில். கடை முழுக்க ஹமீதாவின் கையில். "ஊரு ஆயிரம் சொல்லும். எனக்கு நல்லாப் பேசுற ஆளு வேணும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

வேலை கிடைத்தது. வயிறு நிறைந்தது. ஆனால் கைகூப்பி நின்ற அந்த நிமிஷம் ஆறவில்லை. பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால், 'அந்தப் பாத்திரக்காரி' என்று நினைக்கிறார்களோ என்று குமைந்தாள். சாப்பிடும்போது சாமிதுரையின் முகம் தட்டில் வந்து உட்கார்ந்தது.

ஆடி மாதம் வழி திறந்தது. திறந்தவர் ஷேக் பரீத், பழைய பாத்திரம் எடுக்கும் காயலாங்கடைக்காரர். ஹமீதாவின் கடையில் மக்கள் பழசைப் போட்டுப் புதுசு எடுப்பார்கள். சேர்ந்த பழசை மாதம் ஒருமுறை அவர் வந்து தரம் பிரித்து ஏற்றிப் போவார். அன்றைக்கு ஒரு குண்டானைக் கவிழ்த்து, அடியைத் துணியால் அழுத்தித் துடைத்து, சின்ன புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டார். சட்டைப் பையிலிருந்து சதுர பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைத் தகட்டிலும் மறு முனையைச் சொட்டிலும் வைத்தார். சில வினாடிகளில் சொட்டு செக்கச் செவேலென்று சிவந்தது.

"என்ன பாய் இது, வித்தை காட்டுறீங்க?"

"வித்தை இல்லம்மா. இது ரெண்டாந்தரம். இருநூத்தி ரெண்டும்பாங்க. நிக்கல் விலை ஜாஸ்தின்னு அதைக் குறைச்சு, பதிலுக்கு மாங்கனீசு போட்டு உருக்குறது. மாங்கனீசு கூட இருந்தா சொட்டு சிவக்கும். அசல் முந்நூத்தி நாலுன்னா இப்படிச் சிவக்காது."

"காந்தம் வெச்சுப் பாத்தாலே தெரியுமே?"

ஷேக் பரீத் சிரித்தார். "எல்லாரும் ஏமாறுறது அங்கதான். இருநூத்தி ரெண்டுலயும் காந்தம் ஒட்டாது. அசல்லகூட வளைச்சு அடிச்ச விளிம்புல லேசா இழுக்கும். காந்தத்தை நம்பி நான் சரக்கு எடுத்தா இந்நேரம் வண்டியை வித்திருப்பேன்."

சுடர்விழிக்கு அந்த எண் எங்கேயோ கண்ணில் பட்ட எண்ணாக இருந்தது. இருநூத்தி ரெண்டு. அடுத்த நொடி நினைவுக்கு வந்துவிட்டது. சாமிதுரையின் கிடங்கில் சரக்கு இறங்கும் நாளில், ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டைத் தேங்காயெண்ணெய் தடவி உரிப்பது அவள் வேலை. அந்தச் சீட்டில் இருந்த எண் அதுதான். "என்னங்க இது?" என்று ஒரு தடவை கேட்டதற்கு, "கம்பெனிக்காரன் போடுற டிசைன் நம்பரு. நீ உரி" என்றார் முதலாளி.

ஆக, அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துதான் தவலையைப் பார்த்ததும் கூட்டத்தைப் பார்த்தார். தெரிந்துதான் அவளைப் பார்த்தார்.

"பாய், இந்தப் புட்டி ஒண்ணு எனக்கு வேணும்."

"அமிலம்மா. கையில படக் கூடாது. உறை போட்டுக்க. பாத்திரத்தோட வெளி அடியில மட்டும் விடு, சாப்பாடு படுற பக்கம் வேணாம். பாத்து முடிச்சதும் நல்லாக் கழுவிடு."

"கழுவிடுறேன்" என்றாள் சுடர்விழி. வேறு எதையோ கழுவப் போகிறவள் மாதிரி சொன்னாள்.

ஹமீதா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "சுடரு, அந்தாளு கடையில போயிக் கத்தப் போறியா? கத்துனா, போட்டிக் கடைக்காரி அனுப்புன ஆளுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான்."

"கத்த மாட்டேன்கா. அவரு வாயால சொல்றதோட சரி, எதையும் எழுதித் தர மாட்டாரு. பில்லுல 'பாத்திரம்'னு மட்டும்தான் இருக்கும். ஏதாவது வந்தா வேலைக்காரங்க மேல தள்ளிடுவாரு. அதனால, அவரு கையாலயே எழுத வைக்கணும். பாத்திரத்து மேலயே எழுத வைக்கணும்."

அதற்கு ஒரு வாடிக்கையாளர் வேண்டும். சுடர்விழி தேர்ந்தெடுத்தது அம்சத்தை.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதி நெல் காய, மீதிப் பாதியில் பஸ் ஊர்ந்தது. அம்சத்தின் வீட்டு வாசலில் போய் நின்றபோது, அம்சம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா, சண்டைக்கு வந்தியா?"

"தவலையைப் பாக்க வந்தேன். எங்க இருக்கு?"

"அதைத்தான் சம்பந்தி திருப்பி அனுப்பிட்டாளே. மாட்டுக்குத் தண்ணி காட்டக் கிடக்கு."

சுடர்விழி தவலையைக் கவிழ்த்தாள். உறை மாட்டினாள். துடைத்தாள், சொட்டு விட்டாள், பேட்டரியை வைத்தாள். சொட்டு சிவந்தது. பிறகு பையிலிருந்து ஹமீதா கடை எவர்சில்வர் செம்பு ஒன்றை எடுத்து அதிலும் விட்டாள். அது சிவக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அம்சத்தின் முகம் மாறியது.

"அப்ப எம் பொண்ணு மேல தப்பே இல்லையா?"

"இதுல என்ன வெச்சா?"

"புளி கரைச்சு வெப்பா. உப்புப் போட்ட மோரு வெப்பா. எல்லாரும் வெக்கிறதுதானே?"

"அசல் சாமானுன்னா இந்தப் புழக்கத்துல ஒரு வருஷத்துக்குள்ள இப்படி ஆகாது. அதுலயும் உப்புத் தண்ணி நாள் கணக்கா நின்னா புள்ளி விழும், இல்லேங்கல. ஆனா இது ரெண்டாந்தரம், புளியும் உப்பும் பட்டா சீக்கிரம் அரிக்கும். உங்க பொண்ணு எப்படித் தேய்ச்சிருந்தாலும் வந்திருக்கும்."

அம்சம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆறேழு மாசமா அந்தம்மா அவளை வறுத்து எடுக்குதும்மா. சோத்துல உப்பு கூடுனாக்கூட, 'தவலையைக் கெடுத்தவதானே'ங்குது. அந்தச் சாமிதுரையை..." ஒரு வசவு வந்தது. நல்ல கனமான வசவு.

"அவரை நான் பாத்துக்கிறேன். நீங்க மூணு காரியம் செய்யணும். உங்க அண்ணன் மக மதிவதனிக்கு ஆவணியில கல்யாணமாமே? அத்தை சீருன்னு ஒரு குடம் எடுக்க அவரு கடைக்கு வரணும். ஞாயித்துக்கிழமை, கூட்டம் இருக்குறப்ப. உங்க சம்பந்தியையும் பொண்ணையும் கூட்டிட்டு வரணும். மூணாவது, குடத்துல பேரு வெட்டுறப்ப தரத்தையும் கடைப் பேரையும் சேத்து வெட்டச் சொல்லணும். அதுவும் முதலாளி கையால."

"வெட்டுவாரா?"

"கைராசின்னு கேளுங்க. சீர்ப் பாத்திரத்துல முதல் எழுத்து முதலாளி கையால விழணும்னு கேக்குறவங்க எத்தனையோ பேரு. யாரு கேட்டாலும் சட்டைக் கையை மடிச்சிக்கிட்டு வந்துடுவாரு. அந்தப் பெருமை ஒண்ணை மட்டும் அவரால விட முடியாது."

அம்சம் தலையாட்டினாள். வாசல் வரை வந்தவள் தயங்கி, "அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே தாயி. பொண்ணைப் பெத்தவ" என்றாள்.

சுடர்விழி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஆவணி இரண்டாம் ஞாயிறு. கடையில் நிற்க இடமில்லை. சுடர்விழி எதிர்ப்பக்கத்து ஜவுளிக் கடை வாசலில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, பையை மார்போடு அணைத்து நின்றாள். கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் கேட்டது.

அம்சம், சம்பந்தியம்மா, செம்மொழி மூவரும் உள்ளே இருந்தார்கள். சுடர்விழியின் இடத்தில் இப்போது வானதி என்று நாற்பது வயதுப் பெண். கணவனை இழந்து, போன மாதம்தான் வேலைக்கு வந்தவள். குடத்தை எடுத்து வைத்தாள்.

"தரமான சாமானாங்க? போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது" என்றாள் அம்சம், ஊருக்கே கேட்கும் குரலில்.

சாமிதுரை கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "போன தடவை அந்தப் பொண்ணு பண்ணுன கோளாறும்மா. அதான் அனுப்பிட்டேன்ல? இது அசல் முந்நூத்தி நாலு. இங்க பாருங்க." சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் குடத்தில் வைத்தார். காந்தம் வழுக்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது. "ஒட்டுதா? ஒட்டாது! இதுதான் பரீட்சை."

நாலைந்து பேர் கிட்டே வந்து பார்த்தார்கள். சாமிதுரைக்கு உற்சாகம் ஏறியது. இன்னொரு தடவை வைத்துக் காட்டினார்.

"அப்ப அதையே வெட்டிக் குடுத்துடுங்க" என்றாள் அம்சம். "'அம்சம் அத்தை சீர்'னு போட்டு, கீழே 'சாமிதுரை கடை 304'னு போடுங்க. எங்க சம்பந்தியம்மா கண்ணால பாக்கணும். முதலாளி கையாலயே வெட்டுங்க. உங்க கைராசி ஊரறிஞ்சது."

சாமிதுரையின் கை ஒரு கணம் நின்றது. "நம்பரெல்லாம் எதுக்கும்மா? நல்ல நாள் சாமான்ல பேரு போதுமே."

"ஏன், வெட்டுறதுக்கு என்ன?" என்று கேட்டது சம்பந்தியம்மா. அந்தக் குரலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறவியிலேயே சந்தேகப்படும் குரல் அது. "வாயால சொல்ற நம்பருதானே?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. காந்தம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பின்வாங்க இடமில்லை. சாமிதுரை சட்டைக் கையை மடித்தார். பெயர் வெட்டும் மெஷின் கிர்ரென்று இரைந்தது. அம்சத்தின் பெயர் விழுந்தது. கடைப் பெயர் விழுந்தது. மூன்று, பூஜ்யம், நான்கு.

மெஷின் நின்றதும் சுடர்விழி ரோட்டைக் கடந்தாள்.

படியேறும்போதே முக்காட்டை எடுத்தாள். முதலில் பார்த்தது சாமிதுரைதான்.

"நீ எங்க இங்க? வெளிய போ."

"பாத்திரம் பாக்க வந்தேங்க. நானும் ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன்." கூத்தாநல்லூர்ச் செம்பை மேஜையில் வைத்தாள். "இதுவும் முந்நூத்தி நாலு. எங்க ஹமீதாக்கா கடையில வாங்குனது. உங்க காந்தத்தை இதுல வைங்க."

சாமிதுரை வைத்தார். செம்பின் விளிம்பு வளைவில் காந்தம் லேசாகப் பற்றியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்கய்யா! காந்தம் ஒட்டுது! போலிச் சாமானை எடுத்துட்டு என் கடைக்கே வந்திருக்கா! போட்டிக் கடைக்காரி அனுப்புன ஆளு!"

கூட்டம் சிரித்தது. ஏழு மாதத்துக்கு முன் சிரித்த அதே சிரிப்பு. சுடர்விழி அதை முழுசாகச் சிரித்து முடிக்க விட்டாள். எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ, அவ்வளவு நல்லது.

"சிரிச்சாச்சா? வளைச்சு அடிச்ச இடத்துல அசலும் லேசா இழுக்கும். ரெண்டாந்தரமும் காந்தத்துல ஒட்டாது. காந்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாதுங்க. இதுக்குத் தெரியும்."

உறையை மாட்டினாள். அவர் தடுக்கக் கையை நீட்டினார்; "பாக்கட்டுமே, என்ன போச்சு?" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, நீட்டிய கை இறங்கியது. குடத்தையும் செம்பையும் கவிழ்த்து அடியைத் துடைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. பேட்டரியை முதலில் செம்பில் வைத்தாள். எண்ணினாள், எல்லோரும் கேட்க. பத்து வரை எண்ணியும் சொட்டு சிவக்கவில்லை.

பிறகு குடத்தில் வைத்தாள். மூன்றைத் தாண்டுவதற்குள் சொட்டு சிவந்தது. '304' என்று புதிதாக வெட்டிய அதே குடத்தில், வெற்றிலை எச்சில் மாதிரி.

"சிவந்தா மாங்கனீசு கூட இருக்குன்னு அர்த்தம். நிக்கலைக் குறைச்ச சாமான். இருநூத்தி ரெண்டு. பழைய சாமான் எடுக்குற எந்தக் கடையிலயும் போயிக் கேளுங்க, இதே சொட்டுதான் விடுவாங்க."

சாமிதுரை திரும்பினார். ஏழு மாதத்துக்கு முன் திரும்பிய அதே மாதிரி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வேலைக்காரியின் பக்கம்.

"வானதி! எந்தக் குடத்தை எடுத்து வெச்ச? அசல் அடுக்குல இருந்து எடுக்கச் சொன்னா, மலிவு அடுக்குல இருந்து எடுத்தியா?"

வானதியின் கை தானாகக் கூப்பப் போனது.

"கையை இறக்குங்கக்கா" என்றாள் சுடர்விழி. "எடுத்து வெச்சது அவங்க. அசல்னு சொன்னது யாரு? காந்தம் வெச்சது யாரு? இந்த நம்பரை வெட்டுனது யாரு கை? இத்தனை பேரும் பாத்தோம்."

"முதலாளி கைதான்" என்றது சம்பந்தியம்மா. "நான்தானே கேட்டேன்."

அப்போதுதான் சாமிதுரை கடைசி அம்பை எடுத்தார். "பெரிய யோக்கியை மாதிரிப் பேசுறியே! சரக்குல ஒட்டியிருந்த சீட்டை உரிச்சது யாரு? நீதானே? எல்லாச் சீட்டையும் உன் கையாலதானே உரிச்ச?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கூட்டத்துக்கும் உறைத்தது.

"ஆமாங்க, நான்தான் உரிச்சேன்" என்றாள் சுடர்விழி. "தேங்காயெண்ணெய் போட்டு, தடமே தெரியாம உரிச்சேன். கேட்டதுக்கு டிசைன் நம்பர்னீங்க, நம்பிட்டேன். இன்னும் ஒரு தடவை அழுத்திக் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு. அதுல என்ன நம்பர் இருந்துச்சுன்னு இப்ப நீங்க சொல்லுங்க."

"சொல்லுய்யா" என்றார் ஒருவர். "சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். பின்னால் யாரோ, வாங்கிக் கட்டி வைத்திருந்த பார்சலைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "ஏம்மா, அந்தச் சொட்டை இதுலயும் விடு." "எங்க வீட்டுல ரெண்டு அண்டா இருக்கு." "போன வாரம்தான் எடுத்துட்டுப் போனேன்."

சாமிதுரை தன் கையாலேயே மேஜையில் தட்டி அமைதி கேட்டார். கிடைக்கவில்லை. கடைசியில் கைகூப்பினார். "எல்லாத்தையும் மாத்தித் தர்றேன். பேரு வெட்டுனதா இருந்தாலும் மாத்தித் தர்றேன்."

"அது அவங்களுக்கு" என்றாள் சுடர்விழி. "எனக்கு?"

அவர் ஏதோ முனகினார்.

"அன்னைக்கு நான் முனகலைங்க. இந்த இடத்துல நின்னு, வாசல் வரைக்கும் கேக்குற மாதிரி கேட்டேன்."

சாமிதுரை தொண்டையைச் செருமினார். "அந்தத் தவலை துருப் புடிச்சதுக்கு இந்தப் பொண்ணு காரணம் இல்ல. சரக்குதான் காரணம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இவ மேல போட்டேன். மன்னிச்சுக்கம்மா." கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். வாசல் வரை கேட்டது.

அம்சத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மகளின் தோளைத் தட்டி, சம்பந்தியைப் பார்த்து, "கேட்டீங்கள்ல? எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். பிறகு சுடர்விழியின் கையைப் பிடித்தாள். "நல்லாப் பழி வாங்கிட்ட தாயி. வா, காப்பித் தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

சுடர்விழி கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க இன்னும் சொல்லலியேம்மா."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"கம்பி நாரு போடச் சொன்னேனா நான்?"

அம்சத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்தினாள். "அதான் அவரு ஒத்துக்கிட்டாருல்ல? விடேன். சம்பந்தி நிக்கிறா."

"அன்னைக்கும் நின்னாங்க. அவரு கேட்டாரு, நீங்க 'ஆமா'ன்னீங்க. அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா என்னை வெளிய தள்ளியிருக்க முடியாது. அவரு பொய்க்கு நீங்கதான் கையெழுத்து."

அம்சம் மகளைப் பார்த்தாள். செம்மொழி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா? இவங்க சொன்னதா நீ என்கிட்டயும் சொன்னியே?"

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இனி பல வருஷத்துக்குப் பேச்சு கிடைத்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில். அதைச் சுடர்விழியும் பார்த்தாள். இந்த வார்த்தை வெளியே வந்தால் அம்சம் அந்தக் குடும்பத்தில் எப்படி நிற்பாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வாய் வரை வந்தது. ஏழு மாதம் பஸ்ஸில் தலையைக் குனிந்து உட்கார்ந்த நாட்கள் அதை மறித்தன. உள்ளேயே விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"சொல்லல" என்றாள் அம்சம். தரையைப் பார்த்துச் சொன்னாள். "கம்பி நாரு வேணாம்னுதான் சொன்னா. எம் பொண்ணுக்காகப் பொய் சொன்னேன்."

"போதும்மா."

சுடர்விழி மூலையில் இருந்த குழாயடிக்குப் போய்க் குடத்தையும் செம்பையும் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினாள். உறையைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினாள். ஈரம் இல்லாமல் துணியால் துடைத்து, குடத்தைக் கொண்டுவந்து அம்சத்தின் முன் வைத்தாள். அம்சம் தலை நிமிரவில்லை. கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாத்தித் தருவாரு, மாத்திக்குங்க. வீட்டுல கிடக்குற தவலையைத் தூக்கிப் போட வேணாம். நல்லாத் தேய்ச்சு வெயில்ல காய வெச்சு, அரிசி போட்டு வைங்க. புளியும் மோரும் மட்டும் ஆகாது."

செம்பைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் சாமிதுரையின் கடையில் பார்சல்கள் பிரிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்சத்தின் கண்ணீர் தன்னை ஏதாவது செய்யும் என்று சுடர்விழி எதிர்பார்த்தாள். கூத்தாநல்லூர் பஸ் வரும் வரை காத்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரே இருந்த பெண் உற்றுப் பார்த்தபோது, இவளும் உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.